ஐந்து அளவுகள், இரண்டு விடைகள்: திட்ட விலக்கம் பற்றி ஒரு செவிலிய மாணவியின் கேள்வி

"மதிப்பிற்குரிய அம்மா, நான் செவிலியர் பட்டப்படிப்பில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். வார்டு வேலையில் எனக்குப் பயமில்லை. புள்ளியியல் என்றால் மட்டும் கை நடுங்குகிறது. சூத்திரத்தை மனப்பாடம் செய்துதான் இதுவரை தேறினேன். பயிற்சிக்காக ஒரு நோயாளியின் ஒரு நாள் இரத்தச் சர்க்கரை அளவுகள் ஐந்தைக் கொடுத்தார்கள்: 60, 220, 100, 180, 140. எனக்குத் திட்ட விலக்கம் 56.6 வந்தது, என் தோழிக்கு 63.2 வந்தது. யார் செய்தது தவறு? இவ்வளவு பெரிய எண் வந்தால் அளந்ததில் பிழை என்று பொருளா? ஒன்றின் வர்க்கம்தான் மற்றொன்று என்றால் வேரியன்ஸ், எஸ்.டி. என்று இரண்டு எதற்கு? ஆய்வேட்டுக்கான எண்களை வெளியே ஒருவரிடம் கொடுத்துக் கணினியில் போட்டு வாங்கிவிடலாம் என்று சீனியர்கள் சொல்கிறார்கள். அப்படிச் செய்யலாமா? – பெயர் வெளியிட விரும்பாத மாணவி"

அன்புள்ள மாணவிக்கு,

இருவரில் யாரும் கணக்கில் தவறவில்லை. 56.6-உம் சரி, 63.2-உம் சரி, அவை இரண்டு வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள். எந்தக் கேள்வி உங்களிடம் கேட்கப்பட்டது என்பதைப் பார்ப்பதற்கு முன், அந்த எண் எதை அளக்கிறது என்பதை உங்களுடைய ஐந்து அளவுகளைக் கொண்டே பார்த்துவிடுவோம். நான் பல ஆண்டுகளாகச் செவிலிய மாணவர்களுக்கு உயிர்ப்புள்ளியியல் கற்பித்துவருகிறேன். சூத்திரத்தில் தொடங்கிய வகுப்புகளில் பயம்தான் வளர்ந்தது. கேஸ் ஷீட்டில் தொடங்கியபோது கேள்விகள் வந்தன. ஆகவே இங்கும் கேஸ் ஷீட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரே சராசரி, இரண்டு நோயாளிகள்

உங்கள் நோயாளியின் ஐந்து அளவுகளையும் கூட்டினால் 700. ஐந்தால் வகுத்தால் சராசரி 140 மி.கி./டெ.லி. இப்போது பக்கத்துக் கட்டிலில் இன்னொருவர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய அளவுகள் 130, 135, 140, 145, 150. அவற்றின் கூட்டுத்தொகையும் 700, சராசரியும் 140. பணி மாறும்போது அடுத்து வரும் செவிலியரிடம் "இருவருக்கும் சராசரி 140" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால், ஒருவருக்கு ஒரு வேளை சர்க்கரை 60-க்கு இறங்கியது என்பதும், அது 70-க்குக் கீழே இருப்பதால் உடனே கவனிக்க வேண்டிய தாழ்சர்க்கரை என்பதும் அந்தச் சராசரிக்குள் மறைந்துபோகும். 60-ஐ 220 ஈடுகட்டிவிட்டது. சராசரியின் வேலையே மேடு பள்ளத்தைச் சமன்படுத்துவதுதான். அந்த மேடு பள்ளம் எவ்வளவு என்று தனியாகச் சொல்ல வேறோர் எண் தேவைப்படுகிறது. அதுதான் திட்ட விலக்கம்.

ஒவ்வோர் அளவும் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று எழுதுங்கள். உங்கள் நோயாளிக்கு அவை –80, +80, –40, +40, 0. இவற்றைக் கூட்டிச் சராசரி எடுக்கலாமே என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். கூட்டிப் பாருங்கள், சுழியம் வருகிறது. பக்கத்துக் கட்டில்காரருக்கும் –10, –5, 0, +5, +10 என்று சுழியம்தான் வரும். சராசரி என்பதே இருபக்கத்து விலக்கங்களும் ஒன்றையொன்று சரிக்கட்டும் புள்ளி என்பதால், எந்த எண்களை எடுத்தாலும் இப்படித்தான் ஆகும். எனவே அந்தக் கழித்தல் குறியை எப்படியாவது போக்கியாக வேண்டும். ஒவ்வொரு விலக்கத்தையும் அதனாலேயே பெருக்கினால், அதாவது வர்க்கப்படுத்தினால், குறி போய்விடுகிறது: 6400, 6400, 1600, 1600, 0. மொத்தம் 16,000. இந்த மொத்தத்தைப் பங்கிட்டால் கிடைப்பது வேரியன்ஸ்; தமிழ்ப் பாடநூல்களில் பரவற்படி என்றும் விலக்க வர்க்கச் சராசரி என்றும் எழுதுவார்கள். அதற்கு வர்க்கமூலம் எடுத்தால் திட்ட விலக்கம். உங்களை நடுங்கவைக்கும் அந்தச் சூத்திரத்தில் உள்ளது இவ்வளவுதான்: கழி, வர்க்கப்படுத்து, கூட்டு, பங்கிடு, வர்க்கமூலம் எடு. அதில் வரும் Σ என்ற பெரிய சிக்மா எழுத்து "எல்லாவற்றையும் கூட்டு" என்ற கட்டளையைத் தவிர வேறெதையும் சொல்வதில்லை.

ஐந்தால் வகுப்பதா, நான்கால் வகுப்பதா

நீங்கள் 16,000-ஐ ஐந்தால் வகுத்தீர்கள்; 3200 வந்தது; அதன் வர்க்கமூலம் 56.6. உங்கள் தோழி நான்கால் வகுத்தார், 4000 வந்தது, அதன் வர்க்கமூலம் 63.2. இருக்கும் அளவுகள் ஐந்து என்னும்போது நான்கால் வகுப்பது ஏமாற்று வேலை போலத் தோன்றும். அது நியாயமான சந்தேகம். பெரும்பாலான வகுப்புகளில் இந்த இடத்தை "அப்படித்தான் செய்ய வேண்டும்" என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள் என்பதால் சற்று நின்று விளக்குகிறேன்.

அந்த ஒரு நாளின் அந்த ஐந்து அளவுகளைப் பற்றி மட்டும்தான் பேசப்போகிறோம், வேறெதைப் பற்றியும் முடிவு சொல்லப்போவதில்லை என்றால், ஐந்தால் வகுப்பதே சரி. ஆனால் நடைமுறையில் நமக்கு அந்த ஐந்து துளிகள் முக்கியமல்ல. அந்த நோயாளியின் சர்க்கரை பொதுவாக எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதை அந்த ஐந்தைக் கொண்டு ஊகிக்க விரும்புகிறோம். அப்படியானால் விலக்கங்களை அவருடைய உண்மையான நீண்டகாலச் சராசரியிலிருந்து அளந்திருக்க வேண்டும். அது நமக்குத் தெரியாததால், கையில் உள்ள ஐந்திலிருந்தே 140 என்ற சராசரியைக் கணக்கிட்டு, அதிலிருந்தே விலக்கங்களையும் அளந்தோம். சிக்கல் இங்கேதான். அந்த 140, அந்த ஐந்து எண்களுக்கு நடுவே பொருந்தி உட்காரும்படி அவற்றிலிருந்தே பிறந்த எண். ஆகவே அதிலிருந்து அளக்கும் விலக்கங்கள் கொஞ்சம் சிறியனவாகவே அமைந்துவிடும்.

இதை நீங்களே சோதிக்கலாம். அவருடைய உண்மையான சராசரி 150 என்று வைத்துக்கொண்டு விலக்கங்களை மறுபடி எழுதுங்கள்: –90, +70, –50, +30, –10. வர்க்கங்களின் மொத்தம் 16,500. உண்மைச் சராசரி 130 என்று வைத்தாலும் அதே 16,500 வரும். 140-ஐத் தவிர எந்த எண்ணை வைத்தாலும் மொத்தம் 16,000-ஐவிடக் கூடுதலாகவே இருக்கும், குறையவே குறையாது. அதாவது நம்முடைய 16,000 இருக்கக்கூடியவற்றில் மிகச் சிறியது. இந்தக் குறையை ஈடுசெய்யத்தான் வகுக்கும் எண்ணிலும் ஒன்றைக் குறைக்கிறோம்.

ஏன் சரியாக ஒன்று? முதல் நான்கு விலக்கங்கள் –80, +80, –40, +40 என்று சொல்லிவிட்டால், ஐந்தாவதை நீங்கள் பார்க்காமலே சொல்லிவிடலாம். மொத்தம் சுழியமாக வேண்டும் என்பதால் அது 0-ஆகத்தான் இருந்தாக வேண்டும். எனவே சுதந்திரமாக மாறக்கூடியவை நான்கே. உங்கள் பாடநூலில் "சுதந்திரப் பாகைகள்" என்று வரும் சொல்லுக்குப் பொருள் இதுதான். இந்த விளக்கம் ஏன் ஒன்று என்பதை உணர்த்துகிறது. முழு நிறுவலுக்கு இன்னும் சில வரி கணிதம் உண்டு, உங்கள் பாடத்திட்டத்திற்கு அது தேவையில்லை.

இனிப் பரீட்சையிலும் ஆய்விலும் எது என்ற குழப்பம் வேண்டாம். ஆய்வேட்டில் நீங்கள் எடுப்பது கூறு, அதாவது பெரிய கூட்டத்தைப் பற்றி ஊகிப்பதற்காக அதிலிருந்து எடுத்த ஒரு பகுதி; அங்கே n–1, அதாவது அளவுகளின் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்து வகுக்க வேண்டும். உங்கள் கால்குலேட்டரில் இரண்டுக்கும் தனித்தனி விசைகள் இருக்கும். Sx அல்லது xσn-1 என்று இருப்பது நான்கால் வகுப்பது, σx அல்லது xσn என்று இருப்பது ஐந்தால் வகுப்பது. எக்செல்லில் அவை இப்படி இருக்கும்:

```
=STDEV.S(A1:A5)   63.2
=STDEV.P(A1:A5)   56.6
```

ஐந்து அளவுகள் இருக்கும்போது இந்த வேறுபாடு கண்ணை உறுத்துகிறது. நூறு பேரிடம் எடுத்த தரவில் இரண்டு விடைகளுக்கும் இடையே அரை விழுக்காடுதான் வேறுபாடு வரும். சிறிய கூறுகளில்தான் இது உண்மையிலேயே கவனிக்க வேண்டியது.

பெரிய எண் வந்தால் பிழையா

இல்லை. "விலக்கம்" என்ற சொல்லில் ஏதோ ஒழுங்கு மீறல் இருப்பது போன்ற ஓசை இருப்பதால் இந்தத் தவறான எண்ணம் பலருக்கும் வருகிறது. பக்கத்துக் கட்டில்காரரின் திட்ட விலக்கத்தை நான்கால் வகுத்துக் கணக்கிட்டால் 7.9 வரும். உங்கள் நோயாளிக்கு 63.2. குளுக்கோமீட்டர் இருவருக்கும் ஒன்றே, அளந்தவரும் ஒருவரே என்றாலும் இந்த வேறுபாடு வரும்; ஏனெனில் அது உடலில் நடந்ததன் பதிவு. நீரிழிவுக் கவனிப்பில் இதையே தனி அளவுகோலாகப் பயன்படுத்துகிறார்கள். திட்ட விலக்கத்தைச் சராசரியால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் மாறுபாட்டுக் கெழு கிடைக்கும். தொடர்ந்து அளக்கும் குளுக்கோஸ் உணரிக் கருவிகளின் தரவில் அது 36 விழுக்காடு அல்லது அதற்குக் கீழே இருந்தால் சர்க்கரை ஓரளவு நிலையாக உள்ளது என்று 2019-இல் வெளியான சர்வதேச ஒருமித்த பரிந்துரை சொல்கிறது. உங்கள் நோயாளிக்கு அது சுமார் 45, மற்றவருக்குச் சுமார் 6. ஆனால் அந்த 36 என்ற எல்லை பல நாள் தொடர்ந்து எடுத்த தரவுக்கானது. விரல் நுனியில் எடுத்த ஐந்து துளிகளை வைத்து யாருக்கும் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

சில வேளைகளில் பெரிய திட்ட விலக்கம் வேறொன்றைச் சொல்லும். ஒரு வார்டில் பத்து நோயாளிகள் தங்கிய நாட்கள் 2, 2, 2, 3, 3, 3, 3, 4, 4, 24 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 5 நாள், திட்ட விலக்கம் 6.7 நாள். பாடநூலில் "சராசரிக்கு இருபுறமும் ஒரு திட்ட விலக்கத்துக்குள் 68 விழுக்காட்டினர் இருப்பர்" என்று படித்திருப்பீர்கள். அதை இங்கே போட்டுப் பாருங்கள்: 5 கழித்தல் 6.7, அதாவது –1.7 நாள். மருத்துவமனையில் சேர்வதற்கு முன்பே யாரும் வீட்டுக்குப் போக முடியாது. அந்த 68 விழுக்காடு விதி, அளவுகள் நடுவில் திரண்டு இருபுறமும் சமமாகச் சரியும் மணி வடிவப் பரவலுக்கு மட்டுமே உரியது. தங்கிய நாட்கள் போன்ற அளவுகள் பெரும்பாலும் ஒரு பக்கமாக நீண்டு கிடக்கும். எதிர்மறையாக இருக்க முடியாத ஓர் அளவுக்குச் சராசரியைவிடத் திட்ட விலக்கம் பெரிதாக வந்தால், பரவல் ஒருபக்கம் சாய்ந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

இன்னும் நெருங்கிப் பாருங்கள். இந்தப் பத்துப் பேரின் விலக்க வர்க்கங்களின் மொத்தம் 406. அதில் அந்த 24 நாள்காரர் ஒருவர் மட்டும் தந்தது 361. வர்க்கப்படுத்துவதால் தொலைவில் நிற்பவரின் குரல் இப்படித்தான் ஓங்கிவிடும். எனவே முதலில் அவருடைய கேஸ் ஷீட்டை எடுங்கள். 4 என்பதற்கு முன்னால் தவறுதலாக 2 தட்டப்பட்டிருந்தால் திருத்துங்கள். உண்மையிலேயே அவர் 24 நாள் இருந்தவர் என்றால் அவரை நீக்காதீர்கள். அதற்குப் பதில் இடைநிலை அளவு 3 நாள் என்றும், நடுப்பாதியினர் 2 முதல் 4 நாள் வரை தங்கினர் என்றும் எழுதுங்கள். திட்ட விலக்கத்தைத்தான் எழுத வேண்டும் என்ற கட்டாயம் எந்த ஆய்வேட்டிலும் இல்லை.

பரவற்படி எதற்கு

வரலாற்றில் திட்ட விலக்கம்தான் முன்னே வந்தது. கார்ல் பியர்சன் 1890-களில் அந்தப் பெயரை வழங்கினார். வேரியன்ஸ் என்ற சொல்லை ரொனால்டு ஃபிஷர் 1918-இல் அறிமுகம் செய்தார். திட்ட விலக்கம் புழக்கத்தில் இருந்தபோதே இன்னொரு பெயர் தேவைப்பட்டது ஏன் என்று பார்த்தால் உங்கள் கேள்விக்கு விடை கிடைக்கும்.

வாசிப்பவருக்குச் சொல்ல ஏற்றது திட்ட விலக்கம்தான். 63.2 என்பது மி.கி./டெ.லி. அளவிலேயே இருக்கிறது, சராசரியோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 4000 என்பதன் அலகு அந்த அலகின் வர்க்கம். அப்படி ஒரு சர்க்கரையை யாரும் கண்டதில்லை. ஆனால் ஏற்ற இறக்கம் எங்கிருந்தெல்லாம் வருகிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்றால் பரவற்படிதான் உதவும், ஏனெனில் அது கூடும், திட்ட விலக்கம் கூடாது.

ஒரு நோயாளியின் சிஸ்டாலிக் இரத்த அழுத்தம் வேளைக்கு வேளை உண்மையிலேயே மாறுவதன் திட்ட விலக்கம் 8 என்றும், கஃப் சுற்றிய விதம், கேட்ட ஒலி ஆகியவற்றால் அளவீட்டில் வரும் திட்ட விலக்கம் 6 என்றும் வைத்துக்கொள்வோம். நீங்கள் சார்ட்டில் காணும் மொத்த ஏற்ற இறக்கம் 14 அல்ல. இரண்டும் ஒன்றையொன்று சாராதவை என்பதால் சில வேளை சேர்ந்துகொள்ளும், சில வேளை ஒன்றையொன்று தணிக்கும். பரவற்படிகளைக் கூட்டுங்கள்: 64, 36, மொத்தம் 100. திட்ட விலக்கம் 10. இப்போது கவனமாக அளந்து அளவீட்டு விலக்கத்தை 6-இலிருந்து 3 ஆக்கினால் 64-உம் 9-உம் சேர்ந்து 73. திட்ட விலக்கம் 8.5. பாதியாகக் குறைத்தும் சார்ட்டில் ஒன்றரைதான் குறைந்தது, ஏனெனில் பெரிய பங்கு நோயாளியிடமே இருந்தது. இந்தக் கூட்டல் திட்ட விலக்கங்களை வைத்துச் செய்ய முடியாதது. இறுதியாண்டில் நீங்கள் சந்திக்கக்கூடிய அனோவா சோதனை முழுக்க இந்தக் கூட்டலின் மேல்தான் நிற்கிறது. அதன் பெயரே பரவற்படிப் பகுப்பாய்வு என்பதுதான்.

பரவற்படி எப்போதும் திட்ட விலக்கத்தைவிடப் பெரியதாக இருக்கும் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். உடல் வெப்பநிலையின் திட்ட விலக்கம் 0.3 டிகிரி என்றால் பரவற்படி 0.09.

எண்களை வெளியே கொடுப்பது

கணினியில் கணக்கிட ஒருவரின் உதவியைப் பெறுவது குற்றமல்ல. அனுபவமுள்ள ஆய்வாளர்களும் புள்ளியியல் வல்லுநரிடம் போகிறார்கள்; உங்கள் நிறுவனத்தின் விதிகள் அனுமதித்தால் உதவியவருக்கு நன்றியுரையில் இடம் தருவதே முறை. ஆனால் கொடுப்பதற்கு முன் நோயாளிகளின் பெயர், பதிவு எண், தொலைபேசி எண் ஆகியவற்றை நீக்கி 1, 2, 3 என்று குறியீடு இட்டுவிடுங்கள். அவர்கள் ஒப்புதல் தந்தது உங்கள் ஆய்வுக்குத்தான். முகம் தெரியாத ஒருவரின் கணினியில் தங்கள் பெயர் கிடப்பதற்கு அவர்கள் சம்மதிக்கவில்லை. "முடிவு நன்றாக வரும்படி போட்டுத் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் தரவைத் திரும்ப வாங்கிவிடுங்கள். எண்களை மாற்றுவது பட்டத்தையே பறிக்கக்கூடிய முறைகேடு, அதற்குப் பொறுப்பு கையெழுத்திட்ட உங்களுடையது.

வாங்கிவரும் அட்டவணையில் நீங்களே பார்த்தறியக்கூடியவை சில உண்டு. ஒவ்வொரு வரிசைக்கும் மிகச் சிறிய அளவையும் மிகப் பெரிய அளவையும் கேட்டு வாங்குங்கள். இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் வீச்சு. திட்ட விலக்கம் எக்காலத்திலும் வீச்சைவிடப் பெரிதாக இருக்க முடியாது. உங்கள் நோயாளிக்கு வீச்சு 160. யாராவது 4000 என்று எழுதியிருந்தால் வர்க்கமூலம் எடுக்க மறந்து பரவற்படியை எழுதிவிட்டார்கள் என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

மற்றொன்று அவ்வளவு எளிதில் தெரியாது. அட்டவணையில் "140 ± 28.3" என்று இருந்தால், ± குறிக்குப் பின்னால் இருப்பது என்ன என்று கேளுங்கள். திட்ட விலக்கம் 63.2-ஐ அளவுகளின் எண்ணிக்கையான 5-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் 28.3 வரும், அதற்குத் திட்டப் பிழை என்று பெயர். நோயாளியின் சர்க்கரை எவ்வளவு அலைகிறது என்பதைத் திட்ட விலக்கம் சொல்கிறது. நாம் கணக்கிட்ட சராசரியை எவ்வளவு நம்பலாம் என்பதைத் திட்டப் பிழை சொல்கிறது. சிறிய எண் அழகாகத் தெரிகிறது என்பதற்காகச் சிலர் இரண்டாவதை எழுதிவிடுகிறார்கள். தலைப்பில் எது என்று எழுதாத ± குறியை உங்கள் ஆய்வேட்டில் விடாதீர்கள்.

வாய்மொழித் தேர்வில் அந்த வரிசையைக் காட்டி "இது எப்படி வந்தது" என்று கேட்பார்கள். உங்கள் ஆய்வின் தரவிலிருந்து எவையேனும் ஐந்து அளவுகளை எடுத்து, இங்கே செய்தது போல் தாளில் விலக்கம் எழுதி, வர்க்கப்படுத்தி, நான்கால் வகுத்து ஒருமுறை கையால் போட்டுவிட்டு, பிறகு அதே ஐந்தை STDEV.S-இல் இட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒத்துவந்தால் மீதி நூற்றையும் கணினியிடம் விடலாம். ஒத்துவராவிட்டால் உங்கள் தாளையும் அந்த ஐந்து எண்களையும் எனக்கு அனுப்புங்கள். எந்த வரியில் பிரிந்தது என்று சேர்ந்து பார்ப்போம்.